குழுக் கடனை வாங்கி டெபாசிட்டில் போடலாமா?

மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வங்கி சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் தருகிறது. 1992-இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தின் அடிப்படையே இதுதான். ஜாமீனுக்குப் பதிலாக வங்கி பார்ப்பது குழுவின் பழக்கத்தை: கூட்டம் தவறாமல் கூடுகிறதா, சந்தா மாதாமாதம் சேர்கிறதா, உள்கடன் திரும்பி வருகிறதா, கணக்கு ஒழுங்காக எழுதப்படுகிறதா என்பதை. ஒரு மாதம் 500 ரூபாய் கட்டி அடுத்த இரண்டு மாதம் விடுவதைவிட, 200 ரூபாயை விடாமல் கட்டுவதே மேல்.

12 பேர் மாதம் 200 ரூபாய் கட்டினால் ஆண்டில் 28,800 ரூபாய் சேரும். இது சேமிப்புக் கணக்கில் தூங்குவதைவிட, உறுப்பினர்களுக்கே உள்கடனாகச் சுழல்வது நல்லது. ஒரு வட்டிக்குக் கொடுத்தால், அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால், வட்டி குழுவுக்கே வந்து சேரும். வாங்கியவரும் வெளியே ஐந்து வட்டி, பத்து வட்டிக்குப் போகவேண்டியதில்லை.

சிக்கல் வருவது, அவசரத் தேவை இல்லாதவரும் "கிடைக்கிற கடனை ஏன் விடவேண்டும்? வாங்கி டெபாசிட்டில் போடலாமே" என்று எண்ணும்போது. ஒருவர் ஒரு வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்குகிறார். மாதம் 1,000 ரூபாய் அசலும், மீதி அசலுக்கு மட்டும் வட்டியுமாக 20 மாதத்தில் அடைக்கிறார். முதல் மாத வட்டி 200 ரூபாய், கடைசி மாதம் 10 ரூபாய், மொத்தம் 2,100. அதே 20,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீதத்தில் போட்டுவைத்தால் 20 மாதத்தில் ஏறக்குறைய 2,330 ரூபாய் கிடைக்கும். 230 ரூபாய் லாபம் போலத் தெரிகிறது.

அது லாபமில்லை. தவணை முழுவதும் அவருடைய வருமானத்திலிருந்தே போயிருக்கிறது. கடனே வாங்காமல் அந்தத் தவணைப் பணத்தை மாதாமாதம் அதே 7 சதவீதத்தில் போட்டிருந்தால் கையில் சுமார் 23,360 ரூபாய் இருக்கும். கடன் வாங்கியதால் இருப்பது 22,330. ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழப்பு. ஒரு தவணை தவறினால் மற்றவர்கள் ஈடுகட்டவேண்டும், குழுவின் பெயரும் கெடும்.

அதனால் மருத்துவச் செலவு, கந்துவட்டியை அடைப்பது, வட்டிக்கு மேல் வருமானம் தரும் தொழில் ஆகியவற்றுக்கே கடன் பொருந்தும். வாங்குமுன் பார்க்கவேண்டியது, வட்டி எந்த அசலுக்குக் கணக்கிடப்படுகிறது என்பது. மாதாமாதம் அசல் குறைந்தும் வட்டி 200 ரூபாயாகவே நின்றால், 2,100-க்குப் பதில் 4,000 ரூபாய் கட்டவேண்டியிருக்கும். கடன் அட்டையில் இரண்டாம் தவணையிலேயே இது தெரிந்துவிடும்.

கடன் முடிந்ததும் அதே தவணைத் தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே அதைத் தொடங்க முடியும். ஆனால் அது ஐந்தாண்டுக் கணக்கு. மூன்றாண்டுக்கு முன் முடிக்க இயலாது. ஆகவே திடீர்ச் செலவுக்கான பணம் அதில் இல்லாமல் தனியாகச் சேமிப்புக் கணக்கில் இருக்கவேண்டும்.