உயரம் நின்றுபோன வருடம்

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். உயரம் 146 செ.மீ., எடை 36 கிலோ, இன்னும் பூப்பெய்தவில்லை. குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சோற்றை ஒதுக்கத் தொடங்குகிறாள். ஒரு வருடம் கழித்தும் அதே 36 கிலோ. “மெலியவில்லையே” என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் நிற்பதே இழப்புதான். ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டிய உயரமும் ஒன்றரை சென்டிமீட்டரோடு நின்றிருக்கும்.

இத்தனைக்கும் வளர்ச்சி ஹார்மோனுக்குக் குறைவிருக்காது. பெரும்பாலும் வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கும். அதன் கட்டளையை ஏற்று, எலும்பை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளைக் கல்லீரல்தான் முக்கியமாகத் தயாரிக்க வேண்டும். பட்டினியில் அது அந்த வேலையைச் சுருக்கிக்கொள்கிறது. ஆகவே ஹார்மோன் ஊசி இதற்கு மருந்தல்ல.

கை எக்ஸ்ரேயில் அவளுடைய எலும்பு வயது பத்தரை என்று தெரியலாம். இது ஒருவகையில் நல்ல செய்தி: எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை. சாப்பாடும் எடையும் சீக்கிரம் திரும்பினால் விட்டதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம், முழுவதையும் பிடிப்பது நிச்சயமில்லை. பூப்பெய்திய பிறகு நோய் வந்தால் உயர இழப்பு பொதுவாகக் குறைவு, ஏனென்றால் வளர வேண்டியதில் பெரும்பகுதி முடிந்திருக்கும். பையன்கள் பிந்தி வளர்பவர்கள். பதினான்கு வயதில் பட்டினி கிடப்பவன் இழக்கக்கூடியது அதிகம்.

ஆறு மாதத்துக்கொருமுறை உயரத்தையும் எடையையும் குறித்துவைத்தால், கோடு படுத்துவிடுவது முகம் ஒட்டுவதற்கு முன்பே தெரியும்.