பெரியம்மாவின் காலண்டரில் ஒரு 6

சோமனூரில் இருக்கும் என் பெரியம்மா மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே 4, 4, 3, 4 என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார். பால் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். "அது வெளிக்கிப் போற கணக்கு கண்ணு" என்றார், கூச்சமே இல்லாமல்.

1997இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் வெளியிட்ட அட்டவணையின் எண்கள் அவை. ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வந்தால் 1. வெறும் தண்ணீராகப் போனால் 7. வெடிப்புள்ள வாழைப்பழம் போல இருந்தால் 3, வழவழவென்று இருந்தால் 4. இவை இரண்டும் நலம். கூழாக, ஓரம் பிய்ந்தாற்போல் போனால் 6. ஆனால் அந்த அட்டவணை வடிவத்தை மட்டுமே சொல்லும், நிறத்தைச் சொல்லாது. பெரியம்மா அதற்குத் தானாகவே ஒரு 'க' சேர்த்துக்கொண்டார். க என்றால் கருப்பு.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து தினமும் '4க'. இது சகஜம். குடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பு மலத்தைக் கருப்பாக்கும், சில சமயம் கரும்பச்சையாகவும் இருக்கும். உருவம் கலையாமல்தான் போகும், ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டும் போய்விடும்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் '6க' என்று விழுந்தது. ரோட்டுத் தார் போல மினுமினுப்பு, பீங்கானில் ஒட்டிக்கொண்டு நாலு சொம்பு ஊற்றியும் போகவில்லை. வாடையும் வழக்கமானது இல்லை. எழுந்தபோது கிறுகிறுப்பு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண். அதிலிருந்து ரத்தக் கசிவு. வயிற்றில் கசியும் ரத்தம் குடல் வழியே இறங்கும்போது செரித்துக் கருத்துவிடுகிறது. நிறம் மாறவில்லை, வடிவம் மாறியதால்தான் பிடிபட்டது. வெறும் நிறத்தைப் பார்த்திருந்தால், 'சத்து மாத்திரைதானே' என்று விட்டிருப்பார்.

புண் எப்படி வந்தது? மூட்டுவலிக்குச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை. என் கவலை முழுக்க இதுதான். தறியில் நாள் முழுக்க நின்றவர்களின் முழங்காலுக்கு, டீயோடு சேர்த்து வெறும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொள்வது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. அந்த மாத்திரைகளில் பல, இரைப்பையைக் காக்கும் சவ்வையே மெலியவைக்கும். வயிறு வலிக்காமலேயே புண் கசியலாம். வலி மாத்திரை போடுகிறவர்களாவது தினமும் ஒரு நிமிடம் குனிந்து பார்க்க வேண்டும்.

தினமும் பார்த்தால் பயம்தான் கூடும் என்பவர்களும் உண்டு. கொஞ்சமாகக் கசியும் ரத்தம் கண்ணுக்கே தெரியாது, அதற்கு ஆய்வகச் சோதனைதான் என்பதும் உண்மை. ஆனாலும் தார் போல ஒரு முறை போனாலோ, சிவப்பு ரத்தத்தைக் கண்டாலோ, 'மூலச்சூடு' என்று மோர் குடித்துக் காத்திருக்கக் கூடாது.

மகன் கோவையில் கட்டிய புது வீட்டில் எல்லாம் வெஸ்டர்ன் டாய்லெட். ஒன்றையாவது இந்தியன் ஆக்கச் சொல்லிச் சண்டை போட்டு ஜெயித்தார் பெரியம்மா. "அதுல எல்லாம் தண்ணிக்குள்ள போயிருது கண்ணு, நா எதைப் பாத்து எழுதறது?"