பிரதிக்கு ஒரு தகவல் தாள்

கல்லூரி விழாக்களுக்காகவும் தமிழ்த் தினத்துக்காகவும் நாம் பேச்சு, ஒலிச்சித்திரம், குறும்படம் என்று பல பிரதிகளை எழுதுகிறோம். பிரதியை ஒருவர் எழுதுவார், ஒருவர் வாசிப்பார், இன்னும் இரண்டு பேர் ஒலிப்பதிவையும் மற்ற வேலைகளையும் பார்ப்பார்கள். இந்த நான்கு பேர்தான் முழுக் குழுவும். பிரதியிலுள்ள ஆண்டும் பெயரும் எண்ணிக்கையும் சரியா என்று பார்க்கத் தனியாக ஆளில்லை. அந்த வேலையை ஒரு பாட நேரத்துக்குள் முடிக்க உதவுவதுதான் தகவல் தாள். அது எப்படித் தயாராகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஊவா தோட்ட மக்களின் பிரஜாவுரிமை பற்றிய ஒலிச்சித்திரம் ஒன்றில் பின்வரும் மூன்று வாக்கியங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்.

"1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்ட மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா சென்றார்கள். 1970இல் பசறையிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியது."

கேட்பதற்கு மூன்றும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் பிழை இருக்கிறது.

முதல் வேலை பிரதியை எழுதியவருடையது. ஆண்டு, பெயர், எண்ணிக்கை, இடம் ஆகியவை வரும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் 1, 2, 3 என்று இலக்கமிட வேண்டும். பிறகு ஒரு தாளில் ஐந்து நிரல்கள் கீற வேண்டும். முதல் நிரலில் இலக்கம். இரண்டாவதில் பிரதி சொல்லும் தகவல். மூன்றாவதில் அது கிடைத்த நூல் அல்லது ஆவணத்தின் பெயரும் பக்கமும். நான்காவதில் அந்த ஆவணம் சொல்வதை அதன் சொற்களிலேயே பார்த்தெழுத வேண்டும். ஐந்தாவது நிரல் சரிபார்ப்பவரின் கையொப்பத்துக்கு.

இவற்றில் அதிகம் பயன்படுவது நான்காம் நிரல்தான். நூலின் பெயர் மட்டும் இருந்தால் சரிபார்ப்பவர் அந்த நூல் முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும். ஆவணத்தின் சொற்கள் பக்கத்திலேயே இருந்தால், இரண்டாம் நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிழையும் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திறந்து நான்காம் நிரலுக்குப் பார்த்தெழுத முயன்றால், அதில் யார் இலங்கைப் பிரஜை என்பதே சொல்லப்பட்டிருக்கிறது. வாக்காளர் பற்றிய மாற்றம் வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம்தான் வாக்களிக்கும் உரிமையைப் பிரஜைகளுக்கு மட்டுமென்று ஆக்கியது. இந்த இரண்டும் சேர்ந்துதான் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை வாக்களிக்க முடியாதவர்களாக்கின. இடையில் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. அது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பது பற்றியது. அதன் பெயரை முழுவதுமாக எழுதினால், தோட்டத் தொழிலாளர் மட்டுமல்ல, இங்கே வியாபாரம் செய்துவந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதற்குள் வருகிறார்கள் என்பது புரியும். ஆகவே சட்டங்களைத் தாளில் குறிக்கும்போது ஆண்டு, இலக்கம், பெயர் மூன்றும் இருக்க வேண்டும். "1948 சட்டம்" என்று மட்டும் எழுதினால் மூன்று சட்டங்களும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இரண்டாம் வாக்கியத்தில் எண்ணிக்கை சரி, வினைச்சொல்தான் பிழை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான அந்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பதே ஏற்பாடு. 1974இல் அந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இத்தகைய எண்ணிக்கைகளை முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பகுதிகளும் கூடி 9,75,000 வருகிறதா? வருகிறது. ஆனால் கூட்டல் சரியாக வந்ததும் வேலை முடிந்துவிடாது. இது சென்றவர்களின் கணக்கல்ல, இரு அரசாங்கங்களும் ஒப்புக்கொண்ட கணக்கு. போரினால் கப்பல் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் போகாமல் இங்கேயே இருந்தவர்கள் பலர். "5,25,000 பேர் சென்றார்கள்" என்று வாசித்தால், போகாத அந்த மக்களையும் நாமே கப்பலேற்றி விடுகிறோம். "5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது" என்று திருத்தினால் போதும்.

மூன்றாம் வாக்கியத்துக்கு ஒருவரின் ஞாபகமே மூலம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லியிருப்பார். வாய்மொழியைத் தள்ளிவிடக் கூடாது. அவருடைய பயணத்துக்கு அவரை விட வேறு சாட்சி யார்? ஆனால் ஞாபகத்தில் உள்ள ஆண்டையும் இடத்தையும் வேறொன்றோடு ஒப்பிட வேண்டும். தனுஷ்கோடி 1964 டிசம்பரில் வந்த புயலில் அழிந்துபோனது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து சென்ற கப்பல் இராமேஸ்வரத்துக்கே போனது. ஆகவே ஆண்டு 1970 என்றால் இறங்கிய இடம் தனுஷ்கோடியாக இருக்க முடியாது. இடம் தனுஷ்கோடி என்றால் ஆண்டு 1970 ஆக இருக்க முடியாது. எது சரி என்பதை நாம் ஊகித்து எழுதக் கூடாது. அந்தக் குடும்பத்திடம் பழைய கடவுச்சீட்டோ கடிதமோ இருக்கிறதா என்று கேட்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் "தலைமன்னாரில் கப்பலேறியது" என்பதோடு வாக்கியத்தை நிறுத்திக்கொள்ளலாம். அதனால் கதைக்கு எந்தக் குறையும் வராது.

பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதையுண்ட தோட்டக் குடியிருப்பை மீரியபெத்த என்றும் மீரியபெத்தை என்றும் எழுதுகிறார்கள். அதன் அருகிலுள்ள ஊர் கொஸ்லந்த என்றும் கொஸ்லாந்தை என்றும் வருகிறது. ஒரு வடிவத்தில் மட்டும் தேடினால் பாதிச் செய்திகள் கண்ணில் படாது. எனவே தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி, பிரதியில் வரவேண்டியதைக் கோடிட்டுக் காட்ட வேண்டும். அந்த அனர்த்தத்தில் காணாமற்போனோர் தொகையும் முதல் நாள் செய்திகளில் மிக அதிகமாக வந்து, பின்னர் குறைந்தது. அனர்த்தச் செய்திகளில் வரும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அது எந்தத் திகதிச் செய்தி என்பதையும் குறிப்பது இதனால்தான். பத்துச் செய்திகள் ஒரே தொகையைச் சொல்லலாம். அவை ஒரே அறிக்கையிலிருந்து எடுத்தவை என்றால், தாளில் அது ஒரு மூலம்தான்.

தாள் நிரம்பியதும் எழுதியவர் அதைத் தானே சரிபார்க்கக் கூடாது. தான் எழுதியதைத் தன் கண் பிழையின்றியே வாசிக்கும். மற்றொருவர் ஒவ்வொரு வரிக்கும் மூன்று குறிகளில் ஒன்றை இட வேண்டும்: சரி, திருத்துக, நீக்குக. மூன்றாம் நிரல் வெறுமையாக உள்ள தகவலை ஒலிப்பதிவுக்கு முன் நீக்கிவிட வேண்டும். திருத்தியதைத் தாளில் மட்டுமன்றி, வாசிப்பவரின் கையிலுள்ள பிரதியிலும் மாற்ற வேண்டும். தாளில் திருத்தி, பழைய பிரதியை வாசித்துவிடுவதுதான் கடைசி நேரத்தில் நடக்கக்கூடிய தவறு.

பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேடும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொண்டால் இரண்டாம் முறை தேட வேண்டியிருக்காது.

நிகழ்ச்சி முடிந்ததும் தாளைப் பிரதியோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும். நமது பிரதியைக் கேட்பவர்களில் பசறையிலோ ஹாலிஎலயிலோ அந்தக் கப்பலை வழியனுப்பிய வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். "இது எங்கே கிடைத்தது?" என்று அவள் கேட்டால், நாம் எடுத்துக் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.