பெயருக்கு முன்னால் ~ இருக்கிறதா?

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, ப்ரொஃபைலில் நீங்களே வைப்பது. மற்றது, உங்க நம்பரை நண்பர் தன் போனில் சேவ் பண்ணியிருக்கும் பெயர். அவர் போனில் இரண்டாவதுதான் தெரியும். "ஹாஸ்டல் மொக்கை"ன்னு வச்சிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனா உங்க கான்டாக்ட்டை அவர் யாருக்காவது ஷேர் பண்ணினா, அந்தப் பெயரும் கூடவே போகும்!

சேவ் பண்ணாத நம்பர் குரூப்பில் பேசினால், அவர் வைத்த பெயர் ~ குறியோடு வரும். "~HOD ECE, உடனே 500 ரூபாய் ஜிபே பண்ணுங்க"ன்னு ஒரு மெசேஜ் வருதுன்னு வைங்க. அந்தப் பெயரை யார் வேணும்னாலும் டைப் பண்ணலாம், வாட்ஸ்அப் சரிபார்ப்பதில்லை. போட்டோவும் அப்படித்தான்.

அதுக்காக ~ இருந்தாலே மோசடி என்று அர்த்தமில்லை. உண்மையான எச்.ஓ.டி. நம்பரை நீங்க சேவ் பண்ணலைன்னா அவருக்கும் ~ வரும். அவர் நம்பர் ஏற்கெனவே உங்க போனில் இருந்து, இந்த மெசேஜில் மட்டும் ~ வந்தால், இது வேற நம்பர். பணம் அனுப்பும் முன் பழைய நம்பருக்கு ஒரு கால் போடுங்க.