30 பங்குகளுக்கு ஒரு குலுக்கல்

2023 நவம்பர் 22 முதல் 24 வரை மூன்று நாட்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் புதிய பங்கு வெளியீடு நடந்தது. 2004-இல் டிசிஎஸ் வந்ததற்குப் பிறகு டாடா குழுமத்திலிருந்து ஐபிஓ வருவது அதுவே முதல் முறை. எல்லாப் பிரிவுகளிலுமாக 70 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. கிடைத்தவர்களுக்கு ஒரே வாரத்தில் பணம் இரண்டு மடங்கைத் தாண்டியது. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று பார்த்தால் ஐபிஓ என்ற ஏற்பாடு முழுவதுமே புரிந்துவிடும்.

முதலில் விலை. ஐபிஓவில் பங்கின் விலையை ஒரே எண்ணாகச் சொல்வதில்லை. விலைப்பட்டை என்று கீழ் எல்லையும் மேல் எல்லையும் அறிவிப்பார்கள். டாடா டெக்னாலஜிஸுக்கு 475 முதல் 500 ரூபாய். மேல் எல்லை கீழ் எல்லையைவிட 20 சதவிகிதத்துக்கு மேல் உயரக் கூடாது என்பது செபியின் விதி. இந்த எல்லைகளுக்குள் யார் எந்த விலைக்கு எத்தனை பங்கு கேட்கிறார்கள் என்பதைப் பார்த்து, கடைசியில் ஒரு விலையை முடிவு செய்கிறார்கள். ஏட்டில் அப்படித்தான். நடைமுறையில் கேட்பு நன்றாக இருந்தால் விலை மேல் எல்லையிலேயே நிற்கும். இங்கும் 500 ரூபாய்தான் முடிவானது.

ஆகவே சிக்கனமாக 475 ரூபாய் என்று எழுதிக் கேட்டவர்களின் விண்ணப்பம் ஒதுக்கீட்டுக்கே போகவில்லை. சிறு முதலீட்டாளர்களுக்கு 'கட்-ஆஃப்' என்று ஒரு வசதி உண்டு. முடிவாகும் விலை எதுவானாலும் சம்மதம் என்று அதன் மூலம் சொல்லிவிடலாம். விண்ணப்பிக்கும்போது மேல் எல்லை விலைக்குப் பணம் ஒதுக்கி வைக்கப்படும். விலை குறைவாக முடிவானால் மிச்சம் விடுவிக்கப்படும். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர் கட்-ஆஃப் கட்டத்தை டிக் செய்வதே சரி.

இன்னொன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்: பணம் யாருக்குப் போகிறது? டாடா டெக்னாலஜிஸ் வெளியீட்டின் மொத்த மதிப்பு ஏறக்குறைய 3,042 கோடி ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூட அந்த நிறுவனத்துக்குப் போகவில்லை. முழுவதும் 'ஆஃபர் ஃபார் சேல்'. அதாவது, ஏற்கெனவே பங்கு வைத்திருந்த டாடா மோட்டார்ஸும் இரண்டு முதலீட்டு நிதியங்களும் தங்கள் கையிலிருந்த பங்குகளை விற்றன. அதில் தவறேதும் இல்லை. ஆனால் நம் பணத்தில் புதுத் தொழிற்சாலை கட்டுவார்கள், கடன் அடைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது தவறான கணக்கு. புதிய பங்குகள் எவ்வளவு, பழைய பங்குதாரர்கள் விற்பது எவ்வளவு என்பது வெளியீட்டு ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பங்குகளை ஒன்றிரண்டாகக் கேட்க முடியாது. லாட் கணக்கில்தான் கேட்க வேண்டும். இங்கே ஒரு லாட் 30 பங்குகள், 15,000 ரூபாய். புரோக்கரின் செயலியில் விண்ணப்பித்ததும் யுபிஐ செயலிக்கு ஒரு கோரிக்கை வரும். அதற்கு ஒப்புதல் தந்தால் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கப்பட்டிருக்கும். சேமிப்புக் கணக்கின் வட்டியும் அதற்கு உண்டு. பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டுமே கணக்கிலிருந்து போகும். வெளியீடு முடியும் நாளன்று மாலை 5 மணிக்குள் ஒப்புதல் தராவிட்டால், விண்ணப்பமே போடாததற்குச் சமம். கணவன் விண்ணப்பித்து மனைவியின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் முடக்கினாலும் நிராகரிக்கப்படும். விண்ணப்பதாரரும் வங்கிக் கணக்குக்காரரும் ஒருவராகவே இருக்க வேண்டும்.

இனி ஒதுக்கீடு. மொத்தப் பங்குகளும் ஒரே குவியலாக இருப்பதில்லை. லாப வரலாறு உள்ள நிறுவனமென்றால், பொதுமக்களுக்கான பங்குகளில் அதிகபட்சம் 50 சதவிகிதம் மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு. குறைந்தது 15 சதவிகிதம் 2 லட்சத்துக்கு மேல் கேட்கும் வசதி படைத்தவர்களுக்கு. குறைந்தது 35 சதவிகிதம், 2 லட்சம் வரை கேட்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு. நிறுவனப் பிரிவின் ஒரு பகுதி, வெளியீடு திறப்பதற்கு முந்தைய நாளே ஆங்கர் முதலீட்டாளர்கள் என்ற பெயரில் பெரிய கைகளுக்குக் கொடுக்கப்பட்டுவிடும். டாடா மோட்டார்ஸ் பங்கு வைத்திருந்தவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இங்கே தனி ஒதுக்கீடு இருந்தது.

அந்த மூன்று நாட்களில் நிறுவனப் பிரிவுக்கு 203 மடங்கு கேட்பு வந்தது. வசதி படைத்தவர்கள் பிரிவுக்கு 62 மடங்கு. சிறு முதலீட்டாளர் பிரிவுக்கு 16.5 மடங்கு. இங்கேதான் பலர் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். 16.5 மடங்கு என்றால், 17 லாட் கேட்டால் ஒன்று கிடைக்கும் என்று பொருளல்ல. சிறு முதலீட்டாளர் பிரிவில் கேட்ட அளவுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பதில்லை. இருக்கும் பங்குகளை லாட்டுகளாக வகுத்து, முடிந்தவரை அதிகம் பேருக்கு ஆளுக்கு ஒரு லாட் தருவார்கள். விண்ணப்பித்தவர்கள் லாட்டுகளைவிட அதிகமென்றால் கணினிக் குலுக்கல்.

எண்களை வைத்தே பார்ப்போம். சிறு முதலீட்டாளர்களுக்கென இருந்தவை ஏறக்குறைய 1.84 கோடி பங்குகள். 30-ஆல் வகுத்தால் சுமார் 6.15 லட்சம் லாட்டுகள். ஆக, 6.15 லட்சம் பேருக்குத்தான் கிடைக்கும். அதற்கு மேல் ஒருவருக்கும் கிடையாது. விண்ணப்பித்தவர்களோ பல லட்சம். கிடைத்த வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று.

ஒருவர் 15,000 ரூபாய் முடக்கி ஒரு லாட் கேட்டார். இன்னொருவர் 1,95,000 ரூபாய் முடக்கி 13 லாட் கேட்டார். குலுக்கலில் இருவருக்கும் ஒரே ஒரு சீட்டுதான். விழுந்தாலும் இருவருக்கும் அதே 30 பங்குகள்தான். பணத்தை அதிகம் முடக்கியதால் இரண்டாமவருக்குக் கூடுதலாக எதுவும் கிடையாது. ஒரே பேன் எண்ணில் இரண்டு டீமேட் கணக்குகளிலிருந்து விண்ணப்பித்தாலும் பயனில்லை, இரண்டுமே நிராகரிக்கப்படும். ஆனால் ஒரே வீட்டில் கணவன், மனைவி, வேலைக்குப் போகும் மகள் என்று ஒவ்வொருவரும் தங்கள் பேன், தங்கள் டீமேட், தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு லாட் கேட்பது முறையானது. அப்போது சீட்டுகள் மூன்று. அதிகம் பேர் கேட்கிற வெளியீட்டில் வாய்ப்பைக் கூட்டச் சட்டம் அனுமதிக்கும் வழி இதுதான்.

ஒதுக்கீடு முடிந்ததும் பதிவாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் பேன் எண்ணைக் கொடுத்து முடிவைப் பார்க்கலாம். கிடைக்காதவர்களின் பணம் விடுவிக்கப்படும், கிடைத்தவர்களின் டீமேட் கணக்கில் பங்கு ஏறும். 2023 டிசம்பர் 1 முதல், வெளியீடு முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்கு பட்டியலிடப்பட்டாக வேண்டும். அதற்கு முன்பு ஆறு வேலை நாட்கள் ஆகும்.

டாடா டெக்னாலஜிஸ் நவம்பர் 30 அன்று சந்தைக்கு வந்தது. பட்டியலிடும் நாளில் காலை 9 மணிக்கே வர்த்தகம் தொடங்கிவிடாது. முதல் 45 நிமிடங்கள் வாங்குவோரும் விற்போரும் தங்கள் விலையைச் சொல்லி ஆர்டர் போட மட்டுமே முடியும். பிறகு பங்குச்சந்தையின் கணினி எல்லா ஆர்டர்களையும் அடுக்கி, எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அந்த விலையைக் கண்டுபிடிக்கிறது. அதுதான் தொடக்க விலை. சாதாரண வர்த்தகம் 10 மணிக்குத்தான். அன்று தேசியப் பங்குச்சந்தையில் தொடக்க விலை 1,200 ரூபாய். 500 ரூபாய்க்கு 30 பங்குகள் பெற்றவருக்கு அந்த நொடியில் 21,000 ரூபாய் லாபம். பகலில் 1,400 வரை போய், 1,300-க்குச் சற்று மேலே முடிந்தது.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் எல்ஐசியின் வெளியீடு வந்தது. விலைப்பட்டை 902 முதல் 949 ரூபாய், லாட் 15 பங்குகள். சிறு முதலீட்டாளர்களுக்கு 45 ரூபாயும் பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாயும் தள்ளுபடி. சிறு முதலீட்டாளர் பிரிவில் கேட்பு இரண்டு மடங்கைத் தொடவில்லை. நிறுவனப் பிரிவிலும் மூன்று மடங்குக்குள்தான். ஆகவே பங்கு கிடைக்கும் வாய்ப்பு டாடா டெக்னாலஜிஸைவிடப் பல மடங்கு அதிகம். மே 17 அன்று தேசியப் பங்குச்சந்தையில் தொடக்க விலை 872. தள்ளுபடி போக 904 ரூபாய் கொடுத்தவருக்கு ஒரு லாட்டில் 480 ரூபாய் நஷ்டம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது ஏறும் என்று எல்லோரும் நினைக்கிறார்களோ அது நமக்குக் கிடைப்பதில்லை. எதில் பெரிய கைகள் தயங்குகின்றனவோ அது தாராளமாகக் கிடைக்கிறது. இது விதியின் சதியல்ல, ஏற்பாட்டின் இயல்பு. கெவின் ராக் என்ற பொருளாதார அறிஞர் 1986-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: விவரம் தெரிந்தவர்கள் நல்ல வெளியீட்டில் மட்டும் பாய்ந்து பங்கை அள்ளிக்கொள்வதால், விவரம் தெரியாதவர் கையில் மோசமானவை அதிகமாகச் சேர்ந்துவிடும். எனவே ஐபிஓக்கள் சராசரியாக முதல் நாளில் இவ்வளவு லாபம் தந்தன என்று வரும் புள்ளிவிவரம், விண்ணப்பித்த ஒருவருக்குக் கிடைத்த லாபமல்ல. குலுக்கலில் தோற்ற வெளியீடுகளையும் சேர்த்துச் சொல்லும் சராசரி அது.

ஒரு சிறு முதலீட்டாளர் பார்க்கக்கூடிய தடயம் ஒன்று உண்டு. பிரிவு வாரியான கேட்பு விவரம் பங்குச்சந்தைகளின் இணையதளத்தில் வெளியீட்டின் மூன்று நாட்களும் வெளியாகிக்கொண்டே இருக்கும். நிறுவன முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் கேட்பார்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் அவர்களால் பின்வாங்கவும் முடியாது. சிறு முதலீட்டாளரோ வெளியீடு முடியும்வரை விண்ணப்பத்தைத் திருத்தலாம், திரும்பப் பெறலாம். முதல் நாள் காலையிலேயே அவசரப்பட்டுப் போடுவதால் குலுக்கலில் முன்னுரிமை எதுவும் இல்லை. கடைசி நாள் மதியம் வரை பொறுத்து நிறுவனப் பிரிவின் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கிரே மார்க்கெட் விலை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணைவிட இது நம்பகமானது. அந்தச் சந்தைக்குச் செபியின் கண்காணிப்பும் கிடையாது, அங்கே சொல்லப்படும் விலைக்கு யாரும் பொறுப்பும் கிடையாது.

குலுக்கலில் விழாத பலர், விட்டதைப் பிடிக்க நினைத்து டாடா டெக்னாலஜிஸை முதல் நாள் சந்தையில் 1,200-க்கும் அதற்கு மேலும் வாங்கினார்கள். வெளியீட்டு விலையான 500-க்கு வாங்கியவர் எடுத்த முடிவும் இவர்கள் எடுத்த முடிவும் வேறு வேறு. நிறுவனம் அதேதான், ஆனால் ஒரு பங்குக்குக் கொடுத்த விலை இரண்டரை மடங்கு. 2024 டிசம்பரில் அந்தப் பங்கு 1,000 ரூபாய்க்குக் கீழே வர்த்தகமாகிக்கொண்டிருந்தது. 500-க்குப் பெற்று வைத்திருந்தவர் அப்போதும் லாபத்தில் இருந்தார். முதல் நாள் சந்தையில் வாங்கியவர் நஷ்டத்தில் இருந்தார்.