வானம் ஏன் முழுதாக இருளவில்லை?

மாலையில் சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது, மேகமில்லை. ஒரு கையைச் சூரியன் இருக்கும் திசையில் நீட்டி, அதற்குச் செங்குத்தான திசையில் உள்ள நீல வானத்தை ஒரு போலராய்டு தாள் வழியாகப் பாருங்கள். தாளை மெல்லச் சுழற்றினால் வானம் மங்கிக்கொண்டே வரும். ஓரிடத்தில் ஆழ்ந்த கருநீலமாகும். மேலும் சுழற்றினால் மீண்டும் வெளுக்கும். எவ்வளவு கவனமாகச் சுழற்றினாலும் வானம் முழுக் கருப்பாக மட்டும் ஆகாது.

இந்தக் கால்வாசி இருட்டுக்குள் ஓர் எண் இருக்கிறது. அந்த ஒளியில் எவ்வளவு பங்கு ஒழுங்காக ஒரே திசையில் அதிர்கிறது, எவ்வளவு பங்கு கண்டபடி அதிர்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. இயற்பியலில் அதைத் தளவிளைவின் அளவு என்கிறோம். அதைக் கண்டுபிடிக்கத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு அளவீடுகள் எடுத்தால் போதும்: மிக அதிக வெளிச்சம் எவ்வளவு, மிகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு.

ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்காகத்தான் அதன் அதிர்வு இருக்கும். சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் இந்தக் குறுக்கு அதிர்வு எல்லாத் திசைகளிலும் கலந்து கிடக்கிறது. அந்த ஒளி காற்று மூலக்கூறுகளின் மேல் படும்போது அவற்றிலுள்ள எலெக்ட்ரான்கள் ஆடுகின்றன. ஆடும் எலெக்ட்ரான்கள் நாலாபுறமும் ஒளியைச் சிதறவிடுகின்றன. சூரியக் கதிருக்குச் செங்குத்தான பக்கத்திலிருந்து பார்க்கிற நமக்கு, நம்மை நோக்கி முன்னும் பின்னுமாக ஆடும் எலெக்ட்ரானிலிருந்து ஒளி வராது. குறுக்காக ஆடுவதிலிருந்து மட்டுமே வரும். அதனால்தான் சூரியனுக்கு 90 பாகை தள்ளியுள்ள வானத்தின் ஒளி பெருமளவு ஒரே திசையில் அதிர்கிறது. வானத்து ஒளிக்கு இந்தக் குணம் இருப்பதை 1809-இல் பிரான்சின் அராகோ கண்டார். சிதறலைக் கொண்டு காரணம் சொன்னவர் இங்கிலாந்தின் ராலே பிரபு, 1871-இல்.

இனி, அந்த இரண்டு அளவீடுகளுக்கு வருவோம். நாம் சுழற்றும் தாளுக்குப் பகுப்பான் என்று பெயர். அதற்கு ஓர் அச்சு உண்டு. அந்த அச்சின் திசையில் அதிரும் ஒளியை விடும், அதற்குச் செங்குத்தாக அதிர்வதைத் தடுக்கும். வானத்து ஒளியை இரண்டு பங்குகளின் கலவையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒழுங்கான பங்கு, மற்றது ஒழுங்கற்ற பங்கு. ஒழுங்கற்ற பங்கிற்கு எந்தத் திசையும் விசேஷமில்லை. ஆகவே தாளை எப்படித் திருப்பினாலும் அதில் சரிபாதி உள்ளே வரும், சரிபாதி தடுக்கப்படும். ஒழுங்கான பங்கோ தாளின் அச்சு அதனுடன் பொருந்தும்போது முழுதாக வரும். 90 பாகை திரும்பியதும் முழுதாக நின்றுவிடும். இடைப்பட்ட கோணங்களில் எவ்வளவு வரும் என்பதைச் சொல்வது மாலஸ் விதி. அந்த அளவு கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பொறுத்தது.

வெளிச்சம் மிகக் குறைந்த நிலையில் நம் கண்ணுக்கு வருவது ஒழுங்கற்ற பங்கின் பாதி மட்டுமே. மிக அதிக நிலையில் வருவது அதே பாதியும், அதன் மேல் ஒழுங்கான பங்கு முழுவதும். இரண்டையும் கழித்தால் ஒழுங்கான பங்கு தனியே கிடைத்துவிடும். இரண்டையும் கூட்டினால் ஒழுங்கற்ற பங்கின் இரு பாதிகளும் சேர்ந்து, தாளுக்கு வந்த மொத்த ஒளியே கிடைக்கும். தளவிளைவின் அளவு என்பது ஒழுங்கான பங்கை மொத்தத்தால் வகுத்தது. எனவே

P = (Imax − Imin) / (Imax + Imin)

ஏதோ ஓர் அலகில் அதிகபட்சம் 80, குறைந்தபட்சம் 20 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 60, கூட்டினால் 100. விடை 0.6, அதாவது 60 சதவீதம். மாணவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். குறைந்தபட்சம் 20 என்றால் ஒழுங்கற்ற ஒளி 20, மீதி 80 ஒழுங்கானது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 20 பாதிதான். இன்னொரு 20, அதிகபட்சமான 80-க்குள் ஒளிந்திருக்கிறது. ஒழுங்கற்றது 40, ஒழுங்கானது 60 என்பதே சரியான கணக்கு.

இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், இதற்கு அலகே தேவையில்லை என்பது. இரண்டு அளவீடுகளின் விகிதம் தெரிந்தால் போதும். போலராய்டு தாள் தன் அச்சின் திசையில் வரும் ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கும். ஆனால் இரண்டு அளவீட்டிலும் ஒரே விகிதத்தில் விழுங்குவதால் வகுக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. ஷட்டர் நேரம் காட்டும் கேமரா ஒன்று இருந்தாலே ஓரளவு நம்பத்தக்க விடை கிடைத்துவிடும். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, வானத்தின் அந்தப் பகுதியை நோக்கித் திருப்பி, ISO-வையும் லென்ஸ் துளையையும் மாற்றாமல் நிறுத்துங்கள். படத்தின் மையத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். அகன்ற வானத்தை அளந்தால் தளவிளைவு கூடிய பகுதியும் குறைந்த பகுதியும் கலந்துவிடும். தாளைச் சுழற்றும்போது மிக வெளிச்சமான நிலையில் கேமரா 1/400 நொடியும், மிக இருண்ட நிலையில் 1/100 நொடியும் கேட்டால், ஒளி நான்கு மடங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். நான்குக்கு ஒன்று; (4 − 1) / (4 + 1) = 0.6. மேலே பார்த்த அதே விடை.

படத்தை எடுத்து அதிலுள்ள பிக்சல் எண்களை ஒப்பிட நினைப்பவர்கள் சாதாரண JPEG படத்தை நம்பக் கூடாது. கண்ணுக்கு இதமாகத் தெரிவதற்காகக் கேமரா அந்த எண்களை வளைத்திருக்கும். இரு மடங்கு ஒளிக்கு இரு மடங்கு எண் வராது. RAW கோப்பில் அந்த வளைவு இல்லை. ஆனால் வெளிச்சமே இல்லாதபோதும் அதில் ஓர் அடிப்படை எண் இருக்கும். லென்ஸை மூடி ஒரு படம் எடுத்து, அந்த எண்ணை எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டும்.

ஏன் கழிக்க வேண்டும் என்பதை நின்று பார்ப்பது நல்லது, இந்த அளவீட்டில் நேரும் பிழைகள் பெரும்பாலும் அந்த ஒரு வழியாகத்தான் நுழைகின்றன. நம் 80-க்கும் 20-க்கும் வெளியிலிருந்து ஒரு 10 சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். கேமராவின் அடிப்படை எண்ணாக இருக்கலாம். தாளின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் புகுந்த அறை வெளிச்சமாகவும் இருக்கலாம். இப்போது 90-ம் 30-ம் கிடைக்கும். வித்தியாசம் அதே 60, கூட்டுத்தொகை 120. விடை 0.5 ஆகிவிடுகிறது. பெரிய எண்ணில் எட்டில் ஒரு பங்கு கூடியதால் பெரிய சேதமில்லை. சிறிய எண் ஒன்றரை மடங்கானதுதான் கணக்கைக் கெடுத்தது. ஆகவே கவனம் முழுவதும் இருண்ட நிலையில் இருக்க வேண்டும். அதிகபட்சத்தைக் கொஞ்சம் அசட்டையாக அளந்தாலும் தப்பிக்கலாம், குறைந்தபட்சத்தில் முடியாது.

தாளைச் சரியான கோணத்தில் நிறுத்தினோமா என்ற கவலை அந்த அளவுக்கு வேண்டாம். இரு அளவீட்டிலும் 5 பாகை தவறினால்கூட 0.6 என்பது 0.59 ஆகும், அவ்வளவுதான். உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் அருகில் வெளிச்சம் மிக மெதுவாக மாறுவதே காரணம்.

கருவியை நம்பலாமா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. டிரேசிங் பேப்பரை ஒரு பல்பின் முன்னால் வைத்து, அதன் ஒளியை நேராக அளந்து பாருங்கள். அது ஒழுங்கற்ற ஒளி. தாளைச் சுழற்றினால் எதுவும் மாறக் கூடாது. மாறினால் கேமராவுக்கே ஏதோ ஒரு திசையில் சாய்வு இருக்கிறது, அல்லது தாள் ஒரு பக்கம் அழுக்காக இருக்கிறது. அடுத்து, வெள்ளைத் திரை காட்டும் LCD மானிட்டரை அளந்து பாருங்கள். அதிலிருந்து வருவது ஏறக்குறைய முழுதும் ஒழுங்கான ஒளி; விடை 1-ஐ ஒட்டி வர வேண்டும். தடுக்க வேண்டிய ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத் தாள் கசியவிட்டால் விடை 0.98 என்று வரும். அப்படியானால் வானத்துக்குக் கிடைத்த எண்ணையும் 0.98-ஆல் வகுத்துக்கொண்டால் கசிவு சரியாகிவிடும். இன்னொன்று: ஒரு முழுச் சுற்றில் உச்சம் இரு முறை வரும், 180 பாகை இடைவெளியில். அந்த இரண்டு உச்சங்களும் ஒத்துப்போகவில்லை என்றால் அளந்துகொண்டிருக்கும்போதே வெளிச்சம் மாறிவிட்டது. சூரியன் மறையும் வேளையில் இது சகஜம். வேகமாக அளக்க வேண்டியதுதான்.

இந்த முறைக்குத் தெரியாத ஒளி ஒன்றும் உண்டு. அதிர்வின் திசை முறையாகச் சுழன்றுகொண்டே வரும் வட்டத் தளவிளைவு ஒளி முழுக்க ஒழுங்கானது. ஆனால் தாளை எப்படித் திருப்பினாலும் பாதிதான் வரும். சூத்திரம் சுழியம் என்று சொல்லிவிடும். அதைப் பிரித்தறிய, தாளுக்கு முன்னால் கால் அலைத் தகடு ஒன்றை வைக்க வேண்டும். வானத்து ஒளியில் இந்த வட்டப் பங்கு மிக மிகக் குறைவு என்பதால் நம் கணக்குக்குப் பாதகமில்லை.

அப்படியானால் வானம் ஏன் முழுதாக இருளவில்லை? நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உருண்டையாக இல்லாமல் நீண்டவையாக இருப்பதால், அவற்றின் எலெக்ட்ரான்கள் தள்ளப்பட்ட திசையில் மட்டும் ஆடாமல் சற்று விலகியும் ஆடுகின்றன. அதனால் மிகத் தூய காற்றில்கூடச் செங்குத்துத் திசையில் சிறும அளவு பெரும அளவின் சுமார் 3 சதவீதமாக இருக்கும். (1 − 0.03) / (1 + 0.03) என்று போட்டால் 0.94. இதுவே உச்சவரம்பு. அதற்குக் கீழே இறக்குபவை ஒரே ஒளி இரண்டு மூன்று முறை சிதறுவதும், தரையிலிருந்து மேலே போய்த் திரும்பி வரும் ஒளியும், தூசியும் புகையும் ஈரமும். மழை பெய்து வெளுத்த மறுநாளும் புழுதி படிந்த நாளும் ஒரே எண்ணைத் தராது. இப்படிப் பல முறை சிதறும் ஒளியின் தளவிளைவைக் கணக்கிடும் வழியை வகுத்துக் கொடுத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1950-இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது.

சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் உள்ள அந்த விகிதத்தைத் திரவங்களில் அளப்பது 1920-களில் கல்கத்தாவில் சி.வி. ராமன் குழுவினரின் அன்றாட வேலையாக இருந்தது. 1928-இல் திரவங்கள் சிதறவிட்ட ஒளியில் புது நிறம் ஒன்று மங்கலாகத் தெரிந்தபோது, அது வெறும் ஒளிர்வாக இருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. சாதாரணத் திரவத்தில் ஒளிர்வு அவ்வளவாகத் தளவிளைவுறுவதில்லை. மூலக்கூறு ஒளியை வாங்கித் திருப்பி விடுவதற்குள் பல முறை புரண்டுவிடும். ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் பகுப்பான் வழியே பார்த்தபோது, பல திரவங்களில் அந்தப் புது நிறம் சாதாரணச் சிதறல் ஒளியைப் போலவே வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. அந்த ஆண்டு ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய குறிப்பில், இது ஒளிர்வு அல்ல, உண்மையான சிதறலே என்பதற்கு அவர்கள் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று இது.