எனக்குத் திறக்கிறது, உனக்கு ஏன் திறக்கவில்லை?

குழுப்பணி செய்யும் மாணவர்களின் புலனக் குழுக்களில் அடிக்கடி எழும் வாக்குவாதம் இது. ஒருவர் அறிக்கையின் இணைப்பை அனுப்புவார். மற்ற மூவருக்கும் அது திறக்காது. அனுப்பியவர் மீண்டும் முயன்று பார்த்துவிட்டு, “எனக்குத் திறக்குதே!” என்பார். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். அனுப்பிய வரியைப் பார்த்தால் காரணம் புரியும்.

```
file:///C:/Users/pelajar/Documents/laporan.docx
```

தொலைபேசியில் ஒருவர், “அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எந்த வீட்டு அலமாரி என்று அவர் சொல்லவில்லை. கேட்பவர் தம் வீட்டு அலமாரியைத்தான் திறந்து பார்ப்பார். மேலே உள்ள வரியும் அப்படித்தான். `file:` என்பதை அடுத்து மூன்று சாய்கோடுகள் உள்ளன. இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் இடையில் ஒரு கணினியின் பெயர் இருக்கலாம். அது காலியாக இருந்தால் ‘இந்தக் கணினியிலேயே’ என்று பொருள். ஆகவே, அந்த வரியை நான் என் மடிக்கணினியில் திறந்தால், என் மடிக்கணினியின் C: வட்டில்தான் தேடல் நடக்கும். அங்கே `pelajar` என்ற பயனரே இல்லை. கைப்பேசியில் C: என்பதே கிடையாது.

இதுவரை எளிது. சிக்கல் அலுவலகங்களில்தான் தொடங்குகிறது. அங்கே கோப்புகள் எல்லாருக்கும் பொதுவான சர்வரில் இருக்கும். பொதுவான இடம்தானே, இணைப்பு எல்லாருக்கும் திறக்கும் என்று நினைக்கத் தோன்றும்.

கடந்த பருவ விடுமுறையில் நான் தொழிற்பயிற்சிக்குச் சென்ற ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில், வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய விலைக் குறிப்புக் கோப்பின் இணைப்பை மேலாளர் எங்கள் மூவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார். மாலை 5 மணிக்குள் அது வாடிக்கையாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

```
S:\2024\sebut-harga.xlsx
```

என் கணினியில், அப்படி ஒரு வட்டே இல்லை என்றது விண்டோஸ். ஈப்போவில் வேலைத் தளத்தில் இருந்த பொறியியலாளருக்கும் திறக்கவில்லை. கணக்குப் பிரிவு அக்காவுக்கு மட்டும் உடனே திறந்தது. “எனக்கு வந்துடுச்சி தம்பி, நானே அனுப்பிடுறேன்” என்றார். அனுப்புவதற்கு முன் மொத்தத் தொகையை மேலாளரிடம் வாசித்துக் காட்டினார். மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா வாசித்தது முந்தைய விலை. அன்று காலையில் மேலாளர் மாற்றி எழுதிய தொகை அதில் இல்லை.

S: என்ற எழுத்து ஓர் இடத்தின் பெயரல்ல என்பதே இதற்குக் காரணம். ‘பெரியம்மா வீடு’ என்று நாம் சொல்வதைப் போன்றது அது. என் பெரியம்மா கிள்ளானில் இருக்கிறார். உங்கள் பெரியம்மா சுங்கைப் பட்டாணியில் இருக்கலாம். சிலருக்குப் பெரியம்மாவே இல்லை. சர்வரில் உள்ள ஒரு கோப்புறைக்கு ஒவ்வொரு கணினியும் தன் வசதிக்காக ஓர் எழுத்தைச் சூட்டிக்கொள்கிறது. அந்த எழுத்து அந்தக் கணினிக்கு வெளியே செல்லாது.

யாருடைய S: எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளை போதும். விண்டோஸ் கணினியில் Command Prompt-ஐத் திறந்து இதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

```
net use
```

மேலாளரின் கணினியில் S: என்பதற்கு நேராக `\\server2\projek` என்று வந்தது. அக்காவின் கணினியில் `\\server1\projek` என்று வந்தது. சில வாரங்களுக்கு முன் அலுவலகம் புதிய சர்வருக்கு மாறியபோது கோப்புகள் எல்லாவற்றையும் நகலெடுத்திருக்கிறார்கள். பழைய சர்வரைப் பாதுகாப்புக்காக ஓடவிட்டு, எல்லாருடைய S: எழுத்தையும் புதியதற்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த வாரம் அக்கா விடுப்பில் இருந்ததால் அவருடைய மடிக்கணினி விடுபட்டுப்போனது. அதே கோப்புறை, அதே கோப்புப் பெயர், ஆனால் பழைய நகல். திறக்காத இணைப்பு குறைந்தபட்சம் நம்மை எச்சரிக்கிறது. தவறான கோப்பைத் திறக்கும் இணைப்பு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

மேலாளர் எழுத்தை நீக்கிவிட்டு முழு முகவரியை மறுபடியும் அனுப்பினார்.

```
\\server2\projek\2024\sebut-harga.xlsx
```

இதில் சர்வரின் பெயரும் அதில் பகிரப்பட்ட கோப்புறையின் பெயரும் தெளிவாக உள்ளன. பெரியம்மா வீடு என்பதற்குப் பதிலாகத் தாமான் பெயர், சாலை, வீட்டு எண் எல்லாம் எழுதியது போல. அக்காவுக்கு இப்போது சரியான கோப்பு திறந்தது. எனக்கும் பொறியியலாளருக்கும் அப்போதும் திறக்கவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் வந்த செய்திகள் வேறு வேறு.

எனக்கு வந்தது, அனுமதி இல்லை என்ற செய்தி. சர்வர் வரை என் கணினி போய்விட்டது. பயிற்சி மாணவனின் கணக்குக்கு அந்தக் கோப்புறையின் கதவு திறக்கப்படவில்லை. முகவரியை எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும் இது சரியாகாது. சர்வரைக் கவனிப்பவர் என் கணக்குக்கு அனுமதி தந்தால் மட்டுமே சரியாகும்.

பொறியியலாளருக்கு வந்தது `0x80070035` என்ற குறியீடு. வலையமைப்பில் அந்த இடத்தையே அடைய முடியவில்லை என்று அதற்குப் பொருள். `server2` என்ற பெயர் அலுவலக வலையமைப்புக்குள் மட்டுமே அறிமுகமான பெயர். ஈப்போவில் அவர் பிடித்திருந்த இணையத்துக்கு அது யாரென்று தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. விண்டோஸ் கோப்புப் பகிர்வு பயன்படுத்தும் 445-ஆம் வாயிலை வெளியிலிருந்து அணுக முடியாதபடி அலுவலகங்கள் அடைத்து வைப்பது வழக்கம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை இந்தப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. பொறியியலாளர் அலுவலகத்தின் விபிஎன் இணைப்பைப் போட்ட பிறகு, அவருடைய கணினி அலுவலகத்துக்குள் இருப்பதைப் போல ஆனது, கோப்பும் திறந்தது.

மாணவர்களாகிய நம்மிடம் இந்த மாதிரி சர்வர் இருக்காது. பெரும்பாலும் ஒன்டிரைவ் இருக்கும். அங்கும் இதே பொறி உண்டு. ஒன்டிரைவ் கோப்புறை நம் கணினியிலும் ஒரு நகலை வைத்திருக்கிறது. கோப்பின் மீது வலது சொடுக்கு செய்து `Copy as path` என்பதைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது `C:\Users` என்று தொடங்கும் முகவரி. நடுவில் OneDrive என்ற சொல் இருப்பதால் இது மேகக்கணினியின் முகவரி போலத் தோன்றும். உண்மையில் அது நம் வீட்டு அலமாரிதான். மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டியது `Share` என்பதற்குள் இருக்கும் `Copy link`. அது `https://` என்று தொடங்கும். எந்த ஊரிலிருந்து திறந்தாலும் ஒரே இடத்துக்குப் போகும்.

அப்போதும் அனுமதிக் கேள்வி மிஞ்சியிருக்கும். அந்த இணைப்பை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கே நீங்கள் உங்கள் கணக்கில் உள்நுழைந்திருக்க மாட்டீர்கள். அந்நியர் ஒருவர் திறப்பதைப் போல இருக்கும். கோப்பு நேராகத் திறந்தால், இணைப்பு கையில் கிடைக்கும் யாரும் அதைப் பார்க்கலாம். உள்நுழையச் சொன்னால், நீங்கள் அனுமதித்தவர்களுக்கும் உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு உள்ளவர்களுக்கும் மட்டும் அது திறக்கக்கூடும். உங்கள் குழுவில் வேறு கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தால், அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தனியாகச் சேர்த்த பிறகு இணைப்பை அனுப்புங்கள்.